அவர்

பிரெஞ்சில் ஒருவரைப் பற்றிப் பேசும்போது 'இல்' என்றோ 'எல்' என்றோ சொல்லியாக வேண்டும். இல் என்றால் அவன், எல் என்றால் அவள். தமிழில் அந்த நெருக்கடி கிடையாது. 'அவர்' என்று சொல்லிவிட்டால் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்கமாட்டார்கள், மரியாதையான பிள்ளை என்று பெயரும் கிடைக்கும். ஊரில் ஏழு வருஷம் அந்த ஒரு சொல்லுக்குள்தான் ஒளிந்துகொண்டிருந்தேன். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்கு வந்து இறங்கிய முதல் வாரத்தில் அதே சொல் என் அகதி விண்ணப்பத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

2019இல் இலங்கையின் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்ட மீன்பிடிப் படகு ஒன்றில் வந்தவன் நான். 2018லிருந்தே இப்படிப் படகுகள் வந்துகொண்டிருந்தன. ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கடல். அந்தப் பயணத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதைக் கேட்கத்தான் எல்லோருக்கும் ஆசை, ஆனால் அகதி விண்ணப்பத்தில் அதற்கு ஒரு பத்திதான் இடம். எப்படி வந்தாய் என்பதைவிட ஏன் திரும்ப முடியாது என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். கரைவலை இழுக்கிற ஊர். வலையும் சாமானும் வைக்கிற ஓலைக் கொட்டகையை நாங்கள் வாடி என்போம். அந்த வாடியில்தான் நானும் அவனும் சந்திப்பது. 2018 ஆடித் திருவிழா முடிந்த பிறகு ஒருநாள் இரவு, அக்காவின் கணவர் எங்களைப் பார்த்துவிட்டார். துடுப்புக் கட்டையால் அடித்தார். என் இடது முழங்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. அடித்து முடித்த பிறகு அவரே பொலிசுக்குச் சொன்னார். அங்கே இரண்டு நாள் வைத்திருந்தார்கள். போனைப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கும் 365ஏ பிரிவில் வழக்குப் போடுவோம், டாக்டரிடம் அனுப்பிப் 'பரிசோதனை' செய்வோம் என்று மிரட்டினார்கள். தாய்மாமன் பணம் கட்டி என்னை வெளியே எடுத்தார். மாமா பணம் கட்டியதற்கு ஒரு விலை இருந்தது: தை மாதம் அவருடைய மகளை நான் கட்ட வேண்டும்.

இதை இப்போது இந்த ஒழுங்கில் எழுத முடிகிறது. அன்றைக்கு முடியவில்லை.

படகில் வந்தவர்களை உடனே தீவுக்குள் விடுவதில்லை. காத்திருப்பு மண்டலம் என்று ஓரிடத்தில் வைத்திருப்பார்கள். அங்கேயே ஒரு சின்ன விசாரணை நடக்கும். ஓஃப்ப்ரா, அதாவது பிரான்சின் அகதிகள் அலுவலகம், அதைத் தூரத்திலிருந்தபடியே நடத்தும். அதில் பார்ப்பது ஒன்றுதான்: இவர் சொல்வது வெளிப்படையாகவே ஆதாரமற்றதா இல்லையா. அந்த வாசல் அவ்வளவு உயரமானதில்லை. நான் பொலிஸ் அடித்ததைச் சொன்னேன். வீட்டில் அடித்ததைச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். "நான் ஒருவரோடு பழகினேன். அவரோடு பழகுவது வீட்டுக்குப் பிடிக்கவில்லை" என்றேன். மறுமுனையில் மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் நின்றுவிட்டுப் பிரெஞ்சில் சொன்னார். எனக்கு அப்போது பிரெஞ்சு தெரியாது. ஆனால் அடுத்த கேள்வி தமிழில் வந்தபோது விளங்கிவிட்டது: "அந்தப் பெண் வேறு சாதியா?"

"ஓம்" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போனவனில்லை. கதவு தானாகத் திறந்தது, உள்ளே போய்விட்டேன். பக்கத்து அறையில் எங்கள் படகு ஆட்கள் இருந்தார்கள். மொழிபெயர்க்கிறவர் எந்த ஊரோ, யாருக்குச் சொந்தமோ என்ற பயம் வேறு. அவர் வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது என்பதெல்லாம் பிறகு அறிந்தது. தமிழனுக்குத் தமிழனைக் கண்டால் வருகிற பயத்தை எந்தக் கட்டுப்பாடும் ஒரே நாளில் போக்காது.

உள்ளே விட்டார்கள். அப்புறம்தான் உண்மையான வேலை தொடங்கியது. மாவட்ட ஆட்சியகத்தில் பதிந்து, அகதி விண்ணப்பச் சான்று கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாள். அதற்குள் ஓஃப்ப்ராவின் படிவத்தைப் பிரெஞ்சில் நிரப்பி, கையெழுத்திட்டு, நம் கதையையும் பிரெஞ்சில் எழுதிச் சேர்த்து அனுப்ப வேண்டும். எங்கள் ஆட்கள் இதைக் 'கேஸ் எழுதுவது' என்பார்கள். கேஸ் எழுதித் தருகிறேன் என்று காசு வாங்குகிறவர்களும் உண்டு. அவர்களிடம் போனால் எல்லோருக்கும் ஒரே கேஸ்தான் வரும். ஒரே வெள்ளை வான், ஒரே சீருடை போடாத நாலு பேர். வெள்ளை வான் உண்மையில் வந்த வீடுகளும் இருக்கின்றன. அவர்களுடைய உண்மையையும் சேர்த்துத்தான் இந்த ஒட்டுக்கேஸ் கெடுக்கிறது.

எனக்கு எழுதித் தந்தவர் காரைக்காலிலிருந்து பல வருஷத்துக்கு முன் இங்கே வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. தீவின் தலைநகரான செந்தெனியில் ஒரு சின்ன வீடு, முற்றத்தில் முருங்கை. இந்தத் தீவில் தமிழ்க் கோயிலுக்குக் குறைவில்லை, தமிழ் பேசுகிறவர்களுக்குத்தான் குறைவு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கிரெயோல்தான் பேசுகிறார்கள். அதனால் டீச்சரிடம் வந்தவர்கள் பலர். நான் சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே போனார். அரைமணி நேரம் கழித்து பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, அவரா, அவனா, அவளா? பிரெஞ்சுல நான் எதையாவது ஒண்ணு போட்டாகணும்."

நான் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவசரப்படவில்லை. எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

"அவன்" என்றேன்.

"சரி. அப்ப மொதல்லேர்ந்து எழுதுவோம்."

அந்த 'சரி'க்கு நான் தயாராக இருக்கவில்லை.

அவர் அன்று விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். பயம் இருந்தால் மட்டும் அகதி ஆகிவிட முடியாது. 1951ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கை ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இனம், மதம், நாட்டுரிமை, அரசியல் கருத்து, குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவில் ஒருவராக இருப்பது. எங்களைப் போன்றவர்கள் வருவது அந்த ஐந்தாவதில். என் முதல் வாக்குமூலத்தில் அடி இருந்தது, பொலிஸ் இருந்தது, லஞ்சம் இருந்தது. எல்லாம் உண்மை. காரணத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தேன். காரணத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு குடும்பச் சண்டை. குடும்பச் சண்டைக்கு யாரும் அடைக்கலம் தரமாட்டார்கள். நான் வெட்கப்பட்டு மறைத்த அந்த ஒன்றுதான் முழுக் கேஸும்.

அடுத்ததாகச் சட்டம். எங்கள் நாட்டில் சட்டமே குற்றம் என்கிறதே, அது போதாதா என்று கேட்டேன். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 365, 365ஏ என்று இரண்டு பிரிவுகள், வெள்ளைக்காரன் காலத்து மிச்சம். 1995இல் திருத்தினார்கள். நீக்குவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில், 'ஆண்' என்றிருந்ததை 'எவரும்' என்று மாற்றிப் பெண்களையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். 2023இல் இவற்றை மாற்றும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர்நீதிமன்றம் சொன்ன பிறகும் பிரிவுகள் சட்டப் புத்தகத்தில் அப்படியே கிடந்தன.

ஆனாலும் அது மட்டும் போதாது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2013 நவம்பரில் ஒரு தீர்ப்பில் இரண்டு விஷயம் சொன்னது. அடைக்கலம் கேட்பவரிடம் 'ஊரில் மறைத்து வாழ்ந்துகொள்' என்று சொல்லக்கூடாது என்பது ஒன்று. அது எங்களுக்குச் சாதகம். சட்டம் புத்தகத்தில் இருப்பதாலேயே துன்புறுத்தல் ஆகிவிடாது, சிறைத்தண்டனை உண்மையில் நடைமுறையில் இருக்க வேண்டும் என்பது மற்றது. இங்கேதான் இலங்கைக் கேஸ்கள் பல சறுக்குகின்றன. 365ஏவில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் காட்டுவது கஷ்டம். அந்தப் பிரிவு வழக்குமன்றத்தைவிடப் பொலிஸ் நிலையத்தில்தான் அதிகம் வேலை செய்கிறது: பணம் பறிக்க, மிரட்ட, வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்று சொல்ல. ஆகவே 'எங்கள் நாட்டில் குற்றம்' என்று எழுதுவதைவிட, அந்தப் பிரிவு என் கழுத்துக்கு எப்படி வந்தது என்று எழுத வேண்டும். யார் அதைச் சொன்னார், போனில் எந்தச் செய்தியைப் படித்துக் காட்டினார், எவ்வளவு கேட்டார், யார் கட்டினார்.

டீச்சர் என்னைப் படுத்திய பாடு இந்த இடத்தில்தான். நான் "பொலிசில் பிரச்சினை பண்ணினார்கள்" என்பேன். "பிரச்சினைன்னா என்ன?" என்பார். "அடித்தார்கள்." "யாரு? எத்தனை பேரு? கையாலயா, வேற ஏதாவதாலயா?" தமிழில் 'பிரச்சினை' என்ற சொல் எல்லாவற்றையும் மூடும் ஓலைக் கிடுகு. கூரைக்குப் பிரச்சினை என்றாலும் அதுதான், கொலைக்குப் பிரச்சினை என்றாலும் அதுதான். 'பழகினேன்' என்பதும் அப்படித்தான். மொழிபெயர்த்தால் 'எனக்கு அவரைத் தெரியும்' என்று போய்விடும். ஏழு வருஷக் காதல் ஒரே சொல்லில் அறிமுகமாகச் சுருங்கிவிடும். 'நாங்கள் காதலித்தோம்' என்று வாயால் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. சினிமாவில் கேட்ட சொல், என் வாயில் வேஷம் போட்டதுபோல இருந்தது.

தேதிகளிலும் மாட்டினேன். வாடியில் பிடிபட்டது ஜூலை கடைசியா ஆகஸ்டா என்று எனக்கு நிச்சயமில்லை. கேஸ் எழுதுகிற ஆட்களாக இருந்தால் ஒரு தேதியைப் போட்டுத் தந்திருப்பார்கள். போட்ட தேதியை விசாரணையில் மறந்தால் அங்கேயே கதை முடிந்தது. டீச்சர் எனக்குத் தெரிந்ததைத் தெரிந்த மாதிரியே எழுதினார்: 'தீமிதி முடிந்து மூன்றாம் நாள் இரவு, நிலா இருந்தது.' பிறகு அடைப்புக்குறியில் ஜூலை இறுதி அல்லது ஆகஸ்டு தொடக்கம் என்றார்.

ஆதாரம் என்று என்ன இருக்கிறது என்று கேட்டார். போனில் நாங்கள் இருவரும் இருக்கிற படங்கள் சில மிஞ்சியிருந்தன. ஒன்றிரண்டு, யாருக்கும் காட்டக்கூடாதவை. கொடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றார் கண்டிப்பாக. 2014 டிசம்பரில் அதே ஐரோப்பிய நீதிமன்றம் அந்தரங்கப் படங்களை ஆதாரமாக வாங்கக்கூடாது, உடல் சோதனை கூடாது, படுக்கை விவரங்களைக் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. தானாக நீட்டினாலும் வாங்கக்கூடாது, வாங்க ஆரம்பித்தால் நாளைக்கு எல்லோரும் நீட்ட வேண்டியதாகிவிடும். நாங்கள் அனுப்பியது மூன்றுதான். முழங்கைத் தழும்பு இவர் சொல்லும் அடியோடு பொருந்துகிறது என்று இங்குள்ள மருத்துவர் எழுதிய சான்று. தங்கை எழுதிய கடிதம், அவளுடைய அடையாள அட்டைப் பிரதியோடு. ஊர் மருத்துவமனைத் துண்டுச் சீட்டு ஒன்று.

அப்புறம் எல்லோரும் சறுக்கும் இன்னொரு கேள்வி: கொழும்பில் போய் இருந்திருக்கலாமே? நான் "அங்கேயும் பயம்தான்" என்று முடித்திருந்தேன். அது பதில் இல்லை. உண்மையில் நான் கொழும்புக்குப் போனேன், வெள்ளவத்தையில் ஐந்து வாரம். அறை கொடுத்தவர் அடையாள அட்டையைப் பார்த்து ஊர் கேட்டார். எங்கள் ஊர்க்காரர் கடை அங்கே இருக்கிறது. ஆறாவது வாரம் மாமா வாசலில் நின்றார், கையில் கல்யாண அழைப்பிதழ் மாதிரியோடு. தனியாக, மனைவி இல்லாமல், ஒரு தமிழ்ப் பையன் எத்தனை ஊர் மாறினாலும் அங்கெல்லாம் 'ஏன் இன்னும் கட்டவில்லை' என்ற கேள்வி காத்திருக்கும். சட்டமும் தீவு முழுக்க ஒரே சட்டம். இதையெல்லாம் நான் முக்கியமென்று நினைக்கவேயில்லை, ஏதோ பேச்சுவாக்கில் சொன்னேன். டீச்சர் ஒரு முழுப் பக்கம் எழுதினார்.

கடைசிப் பத்தி எல்லையில் சொன்னதைப் பற்றியது. அதை விட்டுவிடலாமா, அவர்கள் கவனிக்காமல் போகலாமே என்று கேட்டேன். "கோப்புல இருக்கும் தம்பி. அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க" என்றார். 'எல்லையில் நான் அவர் என்று சொன்னேன். அது பெண் என்று மொழிபெயர்க்கப்பட்டது. நான் திருத்தவில்லை, வேறு சாதியா என்று கேட்டபோது ஆம் என்றேன். பயமும் வெட்கமும்தான் காரணம்.' இவ்வளவுதான் எழுதினோம். முதலில் சொல்லாமல் பிறகு சொன்னார் என்பதற்காக மட்டும் ஒருவரை நம்பாமல் விடக்கூடாது என்பதும் அந்த 2014 தீர்ப்பில் இருக்கிறது. 'மட்டும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தாமதம் மன்னிக்கப்படலாம். ஆனால் தாமதத்துக்கு மேல் இன்னொரு பொய் வந்தால் அந்த 'மட்டும்' போய்விடும்.

விசாரணைக்கு அழைப்பு வர மாதங்கள் ஆயின. செந்தெனியில் ஒரு அறை, திரையில் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் அதிகாரி. அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும் பெண்களாக இருக்கட்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தோம். இப்படிப்பட்ட கேஸ்களில் கேட்கலாம். என்னை அடித்தவர்கள் எல்லோரும் ஆண்கள், ஆண் குரலுக்கு முன் என் வாய் திறக்காது என்பது எனக்குத் தெரியும். ஒரு சங்கத்தைச் சேர்ந்தவர் கூட உட்கார்ந்திருந்தார். அவர் இடையில் பேசக்கூடாது, கடைசியில் பேசலாம். எல்லாம் ஒலிப்பதிவாகிறது என்று தொடக்கத்திலேயே சொன்னார்கள்.

மூன்று மணி நேரத்துக்குக் கிட்டப் போனது. நான் பயந்த கேள்வி ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் வேறு. மற்றப் பையன்களைப் போல நான் இல்லை என்று எப்போது தோன்றியது, அதை எப்படிச் சமாளித்தேன், ஊரார் இப்படிப்பட்டவர்களை என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள், அதைக் கேட்கும்போது எனக்கு எப்படி இருந்தது. பிரித்தானிய வழக்கறிஞர் எஸ். செல்வன் 2011இல் வகுத்த முறை ஒன்று இருக்கிறது. வேறுபட்டவன் என்ற உணர்வு, அதன்மேல் விழும் இழிவு, அதனால் வரும் வெட்கம், கடைசியில் தீங்கு என்ற வரிசையில் கேட்பது. பிறகு அதைப் படித்தபோது என்னிடம் கேட்டதும் ஏறக்குறைய அப்படித்தான் என்று பட்டது.

இந்தக் கேள்விகளுக்குத்தான் நம் ஆட்கள் ஒற்றை வரியில் பதில் சொல்லிக் கெடுத்துக்கொள்கிறார்கள். "பதினாலு வயசில" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருப்பார்கள். உணர்ச்சியை உட்கார்ந்து விவரிக்கிற பழக்கம் நமக்கு எந்த வீட்டில் இருக்கிறது? நானும் முதலில் அப்படித்தான் தொடங்கினேன். அதிகாரி, உங்கள் மதம் இதைப் பற்றி என்ன சொல்கிறது, நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டார். அப்போது டீச்சரிடம்கூடச் சொல்லாத ஒன்று வெளியே வந்தது.

எங்கள் ஊரில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி. பதினேழு வயதில் நேர்த்தி வைத்து மஞ்சள் கட்டினேன். தங்கைக்கு நோய் என்று வீட்டில் சொன்னேன். உண்மையான நேர்த்தி, என்னை மாற்றிவிடு என்பது. மனசில் அழுக்கு இருந்தால் கால் வெந்துவிடும் என்பார்கள். என் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், கட்டாயம் வேகும் என்றுதான் இறங்கினேன். வேகவில்லை. மற்றவர்களெல்லாம் அம்மன் அருள் என்று கொண்டாட, நான் வீட்டுக்குப் பின்னால் போய் உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கொப்புளம் இல்லை. அன்றைக்கு எனக்கு அம்மன்மேல் கோபம் வந்தது. அடுத்த வருஷம் அது வேறு மாதிரி விளங்கியது.

மொழிபெயர்ப்பாளர் நேர்த்தி என்ற சொல்லுக்குச் சற்றுத் தடுமாறினார். அதிகாரி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, பிறகு என்ன விளங்கியது என்று கேட்டார். சொன்னேன்.

எல்லையில் பெண் என்று சொன்னீர்களே என்ற கேள்வி கடைசியில்தான் வந்தது. ஐந்து நிமிஷம். எழுதியதையே திரும்பச் சொன்னேன்.

முடிவு சாதகமாக வந்தது. அகதித் தகுதி, பத்து வருஷ கார்ட். என் படகில் வந்த இன்னொருவருக்கும் என் மாதிரிக் கேஸ்தான் என்று பின்னால் தெரிந்தது. அவர் கடைசிவரை கடன் தகராறு என்றே சொல்லி, மறுக்கப்பட்டார். மறுத்தால் ஒரு மாதத்துக்குள் பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள அடைக்கல நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். இலவச வழக்கறிஞர் வேண்டுமென்றால் 15 நாளுக்குள் கேட்க வேண்டும். அவர் மறுப்புக் கடிதத்தை யாரிடமும் காட்டாமல் மூன்று வாரம் மெத்தைக்கடியில் வைத்திருந்தார். காட்டினால் ஏன் என்று கேட்பார்களே. கடைசி வாரத்தில் டீச்சரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு முன்கூட்டியே தெரியும்.

என் கோப்பின் பிரதி என்னிடம் இருக்கிறது. எல்லைப் பக்கத்தில் 'எல்', 'எல்' என்று வரிசையாக. விசாரணைப் பக்கங்களில் 'இல்'. இரண்டும் ஒரே ஆள்.

இங்கேயும் தீமிதி உண்டு. பாஞ்சாலியை இவர்கள் பாந்தியாலே என்கிறார்கள். போன வருஷம் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன், இங்கே கிடைத்த நண்பனோடு. தமிழ் தெரியாத பூசாரி மந்திரம் சொன்னார். ஓசை எங்கள் ஊர் ஓசைதான்.

அன்று இரவு அம்மா போன் எடுத்தார். தனியாகவா போனாய் என்று கேட்டார்.

"இல்லம்மா, ஒருத்தர் கூட வந்தார்."

"நல்லவரா?"

"நல்லவர்" என்றேன்.